கம்பிக்குள் வெப்பம்: நடுவிலிருந்து மேற்பரப்பு வரை

மின்னோட்டம் பாயும் கம்பி சூடாகும்போது, அந்தச் சூடு கம்பியின் ஏதோ ஓரிடத்தில் பிறந்து மற்ற இடங்களுக்குப் பரவுவதில்லை. உலோகத்தின் ஒவ்வொரு துளியிலும் ஒரே நேரத்தில் வெப்பம் உண்டாகிறது. கம்பி ஒரே உலோகத்தால் ஆனதாக, ஒரே தடிமன் உள்ளதாக இருந்து, மின்னோட்டமும் அதன் குறுக்குவெட்டு முழுவதும் சமமாகப் பரவி ஓடினால், ஒரு கன மில்லிமீட்டர் உலோகத்தில் நொடிக்கு உண்டாகும் வெப்பம் எங்கும் ஒரே அளவுதான். நடுவில் இருக்கும் கன மில்லிமீட்டருக்கும் விளிம்பில் இருப்பதற்கும் இதில் வேறுபாடு கிடையாது. ஆனாலும் கம்பிக்குள் வெப்பநிலை எங்கும் ஒன்றாக இருப்பதில்லை. நடுவில் உயர்ந்தும் மேற்பரப்பில் தாழ்ந்தும் இருக்கும். காரணம், வெப்பம் எல்லா இடத்திலும் பிறந்தாலும் வெளியேறும் வழி ஒன்றே ஒன்று: மேற்பரப்பு. நடுவில் பிறந்த வெப்பம் அங்கே போய்ச் சேர கம்பியின் முழு ஆரத்தையும் கடந்தாக வேண்டும். உலோகத்தில் வெப்பம் நகர வேண்டுமானால் வெப்பநிலையில் ஒரு சரிவு வேண்டும். அந்தச் சரிவின் வடிவம் என்ன, நடுவுக்கும் மேற்பரப்புக்கும் எத்தனை டிகிரி வேறுபாடு என்ற இரண்டு கேள்விகளுக்கும் பள்ளிக் கணிதத்தைக் கொண்டே விடை காணலாம்.

தேவைப்படும் விதிகள் இரண்டுதான். மின்னோட்டத்தின் வர்க்கத்தை மின்தடையால் பெருக்கினால் நொடிக்கு உண்டாகும் வெப்பம் கிடைக்கும் என்பது ஜூல் கண்ட விதி. அது 1841-இல் அச்சில் வந்தது. வெப்பம் ஒரு பொருளில் பாயும் வேகம் அங்குள்ள வெப்பநிலைச் சரிவுக்கு நேர்விகிதத்தில் இருக்கும் என்பது ஃபூரியே 1822-இல் வெளியிட்ட நூலின் அடிப்படை. சரிவு ஒரே அளவாக இருக்கும்போது எந்தப் பொருள் எவ்வளவு வெப்பத்தைக் கடத்தும் என்பதை வெப்பக்கடத்துத் திறன் என்ற எண் சொல்கிறது. அறை வெப்பநிலையில் ஒரு மீட்டருக்கு, ஒரு டிகிரிக்கு இத்தனை வாட் என்ற கணக்கில், செம்புக்கு அது ஏறக்குறைய 400. எவர்சில்வர் என்று நாம் அழைக்கும் துருப்பிடிக்காத எஃகுக்கு 15 அளவில் இருக்கும்.

ஒரு மீட்டர் நீளக் கம்பியை எடுத்துக்கொண்டு, அதன் அச்சைச் சுற்றி r என்ற ஆரத்தில் ஒரு உள்ளுருளையைக் கற்பனை செய்துகொள்ளலாம். கம்பியின் முழு ஆரம் R. ஒரு கன அளவில் உண்டாகும் வெப்பம் q என்றால், உள்ளுருளைக்குள் பிறக்கும் மொத்த வெப்பம் q-ஐ அதன் குறுக்குவெட்டுப் பரப்பான πr²-ஆல் பெருக்கிய அளவு. கம்பி சூடாகி, இனி மேலும் ஏறாமல் நிலைத்த பிறகு, உள்ளே பிறக்கும் வெப்பம் அத்தனையும் உள்ளுருளையின் சுவர் வழியாக வெளியே போயாக வேண்டும். போகாவிட்டால் அங்கே வெப்பநிலை ஏறிக்கொண்டே இருக்கும். அந்தச் சுவரின் பரப்பு 2πr. வெப்பத்தைச் சுவரின் பரப்பால் வகுத்தால் qr/2 கிடைக்கிறது. அதாவது, சுவரின் ஒரு சதுர அலகு வழியாகக் கடந்து போகும் வெப்பம், அச்சிலிருந்து உள்ள தூரத்துக்கு நேர்விகிதத்தில் கூடுகிறது. அச்சில் அது சுழி. பாதித் தூரத்தில் பாதி அளவு. மேற்பரப்பில் உச்சம்.

ஃபூரியேயின் விதிப்படி வெப்பநிலைச் சரிவும் இதே போக்கில்தான் இருக்க வேண்டும். அச்சருகில் கடந்து போக வேண்டிய வெப்பம் மிகக் குறைவு. ஆகவே அங்கே சரிவு ஏறக்குறைய இல்லை, வெப்பநிலை சமதளமாக இருக்கிறது. வெளியே போகப் போக வழியில் பிறந்த வெப்பமும் சேர்ந்துகொள்வதால் சரிவு செங்குத்தாகிறது. சரிவு தூரத்துக்கு நேர்விகிதத்தில் கூடினால், வெப்பநிலையின் இறக்கம் தூரத்தின் வர்க்கத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கும். ஆகவே கம்பியின் குறுக்கே வரையப்படும் வெப்பநிலைக் கோடு ஒரு பரவளையம்:

T(r) = Tₛ + q(R² − r²) / 4k

இதில் Tₛ மேற்பரப்பின் வெப்பநிலை, k வெப்பக்கடத்துத் திறன். நடுவுக்கும் மேற்பரப்புக்கும் உள்ள வேறுபாடு qR²/4k. நடுவிலிருந்து பாதி ஆரம் வந்த பிறகும் இந்த வேறுபாட்டில் நான்கில் மூன்று பங்கு குறையாமல் எஞ்சியிருக்கும். மீதி ஆரத்தில்தான் அந்த முக்கால் பங்கும் இறங்குகிறது.

இந்தப் பரவளையத்தில் ஒளிந்திருக்கும் ஒரு முடிவு தனியாக எடுத்துப் பார்க்கத் தக்கது. ஒரு மீட்டர் கம்பியில் உண்டாகும் மொத்த வெப்பத்தை P வாட் என்று கொண்டால், q என்பது P-ஐக் குறுக்குவெட்டுப் பரப்பான πR²-ஆல் வகுத்தது. அதை மேலே உள்ள வேறுபாட்டில் பதிலிட்டால் R² மேலும் கீழுமாக அடிபட்டுப் போகிறது. எஞ்சுவது இது:

ΔT = P / 4πk

கம்பியின் தடிமன் காணாமலே போய்விட்டது. மீட்டருக்கு 100 வாட் வெப்பம் உண்டாகும் கம்பி முடி போல மெல்லியதாக இருந்தாலும் விரல் போலத் தடித்திருந்தாலும், உலோகம் ஒன்றானால், நடுவுக்கும் மேற்பரப்புக்கும் உள்ள வேறுபாடு ஒன்றே. தடித்த கம்பியில் வெப்பம் கடக்க வேண்டிய தூரம் கூடுதல், ஆனால் கடந்து போகும் சுவரும் அதே விகிதத்தில் அகலம். இரண்டும் சரிக்குச் சரியாக ஈடுகட்டிவிடுகின்றன. கணக்குப் போடுவதற்கும் இது மிக வசதி. கம்பியின் முனைகளுக்கிடையே மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் அளந்து பெருக்கி, நீளத்தால் வகுத்தால் P கிடைத்துவிடும். உலோகம் எது என்று தெரிந்தால் மீதி ஒரு வகுத்தல்தான்.

வீட்டுச் சுவருக்குள் ஓடும் 2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியில் தொடங்கலாம். அதில் 20 ஆம்பியர் பாய்ந்தால் மீட்டருக்கு ஏறக்குறைய 2.75 வாட் வெப்பம் உண்டாகிறது. செம்பின் 400-ஐக் கொண்டு வகுத்தால் வருவது 0.0005 டிகிரி. ஒரு டிகிரியின் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு. அதே கம்பியின் மேல் 0.8 மில்லிமீட்டர் தடிமனில் பிவிசி உறை இருந்தால், அந்த உறையின் உள்பக்கத்துக்கும் வெளிப்பக்கத்துக்கும் இடையில் ஏறக்குறைய 1.6 டிகிரி வேறுபாடு வரும். உறையிலிருந்து காற்றுக்கோ சுவருக்கோ போகும் கட்டத்தில் அதைவிடப் பல மடங்கு. செம்புக்குள் இருப்பது இவற்றின் முன் கணக்கிலேயே வராது. மின்கம்பிக்கு இத்தனை ஆம்பியர்தான் என்று வரம்பு வைக்கும்போது செம்பின் உள்வெப்பநிலைப் பரவலை யாரும் பார்ப்பதில்லை. உறை தாங்கும் வெப்பநிலையையும் அதைச் சுற்றியுள்ள இடத்தையுமே பார்க்கிறார்கள். அதற்கான காரணம் இந்த 0.0005-இல் இருக்கிறது.

செம்பு நல்ல கடத்தி என்பதால்தான் இப்படி என்று தோன்றலாம். மின்அடுப்பின் சுருளில் இருக்கும் நைக்ரோம் கம்பி அப்படிப்பட்டதல்ல. அதன் மின்தடையும் அதிகம், வெப்பம் கடத்துவதிலும் அது மந்தம். 230 வோல்ட்டில் 1000 வாட் தரும் அடுப்புக்கு ஏறக்குறைய 53 ஓம் தடை வேண்டும். அரை மில்லிமீட்டர் விட்டமுள்ள நைக்ரோம் கம்பி மீட்டருக்கு 5.6 ஓம் தருவதால், ஒன்பதரை மீட்டர் கம்பி அந்தச் சுருளுக்குள் அடங்கியிருக்கும். மீட்டருக்கு 106 வாட். சிவந்து எரியும் வெப்பநிலையில் நைக்ரோமின் கடத்துத் திறனை 20 என்று வைத்துக்கொண்டால் நடுவுக்கும் மேற்பரப்புக்கும் வேறுபாடு 0.42 டிகிரி.

கம்பியோ செக்கச்செவேலென்று இருக்கிறது. அந்த 106 வாட்டும் பெரும்பாலும் கதிர்வீச்சாகவே வெளியேற வேண்டும் என்று வைத்துக் கணக்கிட்டால், நீட்டிக் கட்டிய கம்பியின் மேற்பரப்பு 800 டிகிரி செல்சியஸைத் தாண்டி நிற்கும். சுருளாக இருந்தால் ஒரு சுற்றின் வெப்பத்தை அடுத்த சுற்று வாங்கிக்கொள்வதால் இன்னும் கூடும். வெளியே உள்ள காற்றுக்கும் கம்பியின் தோலுக்கும் இடையே 800 டிகிரி. தோலுக்கும் நடுவுக்கும் இடையே அரை டிகிரிகூட இல்லை. உலோகத்துக்குள் வெப்பம் தடையின்றி நகர்ந்து விடுகிறது. மேற்பரப்பை விட்டு வெளியேறுவதுதான் அதற்குப் பெரும்பாடு. இந்த இரண்டு வேறுபாடுகளின் விகிதம் hR/2k என்று வரும். இதில் h என்பது மேற்பரப்பின் ஒரு சதுர மீட்டர், சூழலைவிட ஒரு டிகிரி கூடுதல் சூட்டுக்கு எத்தனை வாட்டை வெளியேற்றுகிறது என்பதைக் குறிக்கும் எண். அடுப்புச் சுருளில் அந்த விகிதம் இரண்டாயிரத்தில் ஒன்று.

சுருள் அறுந்துபோகும் விதத்தையும் இதிலிருந்து புரிந்துகொள்ளலாம். கம்பியின் நடு முதலில் உருகி, பிறகு மொத்தமும் அறுகிறது என்று பலரும் நினைப்பதுண்டு. அரை டிகிரி வேறுபாட்டில் அதற்கு இடமே இல்லை. உண்மையில் வேலை செய்வது தடிமன். ஒரு இடத்தில் கம்பி இழுபட்டோ, மேல்படலம் உதிர்ந்து உதிர்ந்து தேய்ந்தோ பத்தில் ஒரு பங்கு மெலிந்துவிட்டது என்று கொள்வோம். மின்னோட்டம் மாறாது, ஆனால் குறுக்குவெட்டு சுருங்கியதால் அந்த இடத்தின் தடை கூடுகிறது, வெளியேற்றும் மேற்பரப்போ குறைகிறது. இரண்டும் சேர்ந்து, ஒரு சதுர மில்லிமீட்டர் தோல் வெளியேற்ற வேண்டிய வெப்பம் 37 சதவீதம் கூடிவிடுகிறது. கதிர்வீச்சு தனிவெப்பநிலையின் நான்காம் அடுக்கில் ஏறுவதால், அந்த இடத்தின் வெப்பநிலை சுமார் 90 டிகிரி உயர்ந்தால் கணக்குச் சரியாகும். அடுப்பை இருட்டில் போட்டுப் பார்த்தால், மற்ற சுற்றுகளைவிட ஓரிடம் மட்டும் வெளுத்த சிவப்பாகத் தெரிவது இதனால்தான். சூடு கூடிய இடத்தில் மேல்படலம் இன்னும் வேகமாகத் தேய்கிறது, கம்பி இன்னும் மெலிகிறது, சூடு மேலும் கூடுகிறது. கடைசியில் அந்த இடத்தில்தான் அறுபடும். அப்போதும் அதன் நடுவுக்கும் தோலுக்கும் வேறுபாடு அரை டிகிரி அளவிலேயே இருக்கும்.

அப்படியானால் பரவளையம் எப்போதுதான் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு எழும்? P பெரிதாக இருக்க வேண்டும், k சிறிதாக இருக்க வேண்டும். மீட்டருக்கு ஆயிரக்கணக்கான வாட்டை ஒரு கம்பிக்குள் செலுத்தினால், காற்றில் அது உருகிவிடும். ஆகவே மேற்பரப்பிலிருந்து வெப்பத்தை மிக வேகமாக வாங்கிக்கொள்ளும் ஒன்று சுற்றிலும் இருக்க வேண்டும். அதற்குக் கொதிக்கும் தண்ணீரைப் போல எளிதாகக் கிடைப்பது வேறில்லை.

6 மில்லிமீட்டர் விட்டமுள்ள துருப்பிடிக்காத எஃகுக் கம்பி ஒன்றைச் சாதாரணக் காற்றழுத்தத்தில் கொதிக்கும் நீரில் அமிழ்த்தி, அதில் 750 ஆம்பியர் செலுத்துவதாகக் கொள்ளலாம். வேலை செய்யும் வெப்பநிலையில் அந்த எஃகின் தடை மீட்டருக்கு ஏறக்குறைய 0.028 ஓம். ஒரு மீட்டருக்கு 21 வோல்ட் போதும். உண்டாகும் வெப்பமோ 16 கிலோவாட். அடுப்புச் சுருளைப் போல 150 மடங்கு. எஃகின் கடத்துத் திறனை 17 என்று கொண்டு 4π-யுடன் சேர்த்து வகுத்தால் 75 டிகிரி வருகிறது.

நீர் 100 டிகிரியில் இருக்கிறது. இத்தகைய வெப்பத்தை நுரைத்துக் கொதிக்கும் நீர் வாங்கிக்கொள்ள, மேற்பரப்பு அதைவிட 20 டிகிரி போலக் கூடுதலாக இருந்தால் போதும். ஆக, கம்பியின் தோல் 120 டிகிரி, நடு 195 டிகிரி. வெறும் 3 மில்லிமீட்டர் இடைவெளியில் இத்தனை வேறுபாடு. அதுவும் சமமாகப் பிரிந்து இறங்குவதில்லை. அச்சிலிருந்து முதல் 0.3 மில்லிமீட்டரில் முக்கால் டிகிரிதான் இறங்குகிறது. பாதி ஆரத்தில், அதாவது ஒன்றரை மில்லிமீட்டரில், வெப்பநிலை இன்னும் 176. தோலை ஒட்டிய கடைசி 0.3 மில்லிமீட்டரில் மட்டும் 14 டிகிரி இறங்கிவிடுகிறது. மேற்பரப்பில் சரிவு ஒரு மில்லிமீட்டருக்கு 50 டிகிரி.

அடுப்புச் சுருளில் உள்ளே அரை டிகிரி, வெளியே 800. இங்கே உள்ளே 75, வெளியே 20. விகிதம் தலைகீழாகிவிட்டது. ஒரே சமன்பாடு, ஒரே பரவளையம். எங்கே வெப்பம் திணறுகிறது என்பது மட்டும் மாறியிருக்கிறது: முன்பு மேற்பரப்பில் திணறியது, இப்போது உலோகத்துக்குள் திணறுகிறது.

இந்தக் கம்பியின் வெப்பநிலையை அளக்க முயல்பவருக்கு இங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. மின்னோட்டத்தால் சூடாகும் கம்பியைக் கொதிநீரில் இட்டு ஆராயும் முறைக்குப் பெயர் பெற்றவர் ஜப்பானின் ஷிரோ நுகியாமா. 1934-இல் அவர் வெளியிட்ட ஆய்வில், நீருக்குள் நைக்ரோம் கம்பியையும் பிளாட்டினக் கம்பியையும் மின்னோட்டத்தால் சூடாக்கி, கம்பியையே வெப்பமானியாகவும் பயன்படுத்தினார். சூடு கூடினால் உலோகத்தின் மின்தடை கூடும். பிளாட்டினத்தில் டிகிரிக்கு ஏறக்குறைய 0.39 சதவீதம். வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினால் வெப்பம் தெரியும், வகுத்தால் தடை தெரியும், தடையிலிருந்து வெப்பநிலை தெரியும். இரண்டு அளவீடுகளில் எல்லாம் கிடைத்துவிடுகிறது. கம்பியைத் துளைக்க வேண்டாம், எதையும் ஒட்ட வேண்டாம். இப்படி அளந்தபோது, வெப்பத்தை ஒரு எல்லைக்கு மேல் கூட்டினால் கம்பியின் வெப்பநிலை திடீரென்று பல நூறு டிகிரி தாவுவதை அவர் கண்டார். நைக்ரோம் கம்பி அந்தத் தாவலில் உருகிப்போனது. உருகுநிலை 1768 டிகிரியான பிளாட்டினம் தாக்குப்பிடித்தது. கம்பியைச் சுற்றி நீராவிப் போர்வை மூடிக்கொள்ளும் அந்த நிலையையும் அதனால் அளக்க முடிந்தது.

ஆனால் மின்தடை எந்த வெப்பநிலையைச் சொல்கிறது? தோலின் வெப்பநிலையையா, நடுவின் வெப்பநிலையையா? இரண்டையும் அல்ல, குறுக்குவெட்டு முழுவதற்குமான சராசரியைச் சொல்கிறது. அந்தச் சராசரி எங்கே விழுகிறது என்பதற்குப் பரவளையமே விடை தருகிறது. நடுவைச் சுற்றியுள்ள சூடான பகுதி சிறியது, விளிம்பருகே உள்ள பகுதி பெரியது; இரண்டையும் எடையிட்டுக் கூட்டினால் சராசரி, நடு வெப்பநிலைக்கும் தோல் வெப்பநிலைக்கும் சரியாக நட்டநடுவில் வருகிறது. ஆகவே தோலின் வெப்பநிலை வேண்டுமானால், தடையிலிருந்து கிடைத்த எண்ணில் P/8πk-ஐக் கழிக்க வேண்டும்.

மெல்லிய பிளாட்டினக் கம்பியில் இந்தக் கழித்தல் பெரிதல்ல. 0.2 மில்லிமீட்டர் விட்டமுள்ள கம்பியின் மேற்பரப்பிலிருந்து சதுர மீட்டருக்குப் பத்து லட்சம் வாட் வெளியேறினாலும், மீட்டருக்கு வரும் வெப்பம் சுமார் 630 வாட்தான். பிளாட்டினத்தின் கடத்துத் திறன் 72. நடுவுக்கும் தோலுக்கும் 0.7 டிகிரி; திருத்தம் 0.35 டிகிரி. மெல்லிய கம்பி கொதிப்பு ஆய்வுக்கு இவ்வளவு பொருத்தமாக அமைந்ததற்கு இது ஒரு காரணம்.

அதே முறையை 6 மில்லிமீட்டர் எஃகுக் கம்பிக்குத் திருத்தமில்லாமல் பயன்படுத்தினால் என்ன ஆகும் என்று பார்ப்பது நல்லது. தடை சொல்லும் சராசரி வெப்பநிலை 157. அதைத் தோலின் வெப்பநிலை என்று எடுத்துக்கொண்டால், கம்பி நீரைவிட 57 டிகிரி கூடுதலாக இருப்பதாக முடிவு வரும். உண்மை 20. வெளியேறும் வெப்பம் சதுர மீட்டருக்கு 8.4 லட்சம் வாட் என்பதில் மாற்றமில்லை. ஆகவே நீர் வெப்பத்தை வாங்கும் திறன் உண்மையில் இருப்பதில் மூன்றில் ஒரு பங்குதான் என்று எழுதி வைக்க நேரும். கருவி எதிலும் கோளாறு இல்லை, அளவீடுகள் எல்லாம் சரி, முடிவு மட்டும் மூன்று மடங்கு தவறு. இந்தத் தவறைக் கண்டுபிடிக்க ஒரு வழி, அதே உலோகத்தில் வெவ்வேறு தடிமனுள்ள கம்பிகளை அதே நீரில் இட்டு அளப்பது. மேற்பரப்பின் ஒவ்வொரு சதுர மீட்டரும் ஒரே வெப்பத்தை வெளியேற்றும்படி வைத்தால், தோலுக்கும் நீருக்கும் உள்ள வேறுபாடு தடிமனைப் பொறுத்து அவ்வளவாக மாறக் கூடாது. தடிமன் கூடக் கூட வேறுபாடு நேர்கோட்டில் ஏறிக்கொண்டே போனால், அளந்தது நீரின் குணத்தை அல்ல, உலோகத்துக்குள் இருக்கும் பரவளையத்தை என்று அர்த்தம்.

நடுவில் துளையிட்டு வெப்பமின் இரட்டை ஒன்றைச் செருகி அளந்தால் என்ன என்று கேட்கலாம். செய்யலாம், ஆனால் துளையில் மின்னோட்டம் பாயாது, அங்கே வெப்பமும் பிறக்காது. மின்னோட்டம் மீதி உலோகத்தில் நெருக்கிக்கொண்டு ஓடும். துளை சிறிதாக இருக்கும்வரை கவலையில்லை. ஆய்வகங்களில் பெரும்பாலும் இதை நேர்வழியில் தீர்த்துவிடுகிறார்கள்: திண்மக் கம்பிக்குப் பதிலாக மெல்லிய சுவருள்ள எஃகுக் குழாயின் சுவர் வழியாக மின்னோட்டத்தைச் செலுத்தி, குழாயின் உள்பக்கத்தில் வெப்பநிலையை அளந்து, மெல்லிய சுவருக்கான சிறிய இறக்கத்தைக் கழிக்கிறார்கள்.

நுகியாமா கண்ட தாவலின்போது பரவளையம் என்ன ஆகிறது என்பதையும் பார்க்க வேண்டும். நீராவிப் போர்வை மூடியதும் மேற்பரப்பு வெப்பத்தை விட முடியாமல் தவிக்கிறது. தோலின் வெப்பநிலை ஆயிரம் டிகிரியை நோக்கி ஏறுகிறது. ஆனால் மீட்டருக்கு உண்டாகும் வெப்பம் பெரிதாக மாறவில்லை என்றால், நடுவுக்கும் தோலுக்கும் உள்ள வேறுபாடும் பெரிதாக மாறாது. P/4πk-இல் தோலின் வெப்பநிலைக்கும் நீரின் நிலைக்கும் இடமே இல்லை. பரவளையம் தன் உருவம் குலையாமல் அப்படியே மேலே தூக்கப்படுகிறது. வெளியே என்ன நடக்கிறது என்பது கோட்டின் உயரத்தைத் தீர்மானிக்கிறது, உள்ளே பிறக்கும் வெப்பமும் உலோகமும் அதன் வளைவைத் தீர்மானிக்கின்றன.

இதுவரை போட்ட கணக்கு சில எளிமைகளின் மேல் நிற்கிறது. எஃகுக் கம்பியில் நடு 75 டிகிரி கூடுதலாக இருக்கும்போது அங்கே மின்தடையும் சில சதவீதம் கூடும். கம்பியின் நீளவாக்கில் மின்னழுத்தச் சரிவு நடுவிலும் விளிம்பிலும் ஒன்றேதான். ஆகவே தடை கூடிய நடுப்பகுதியில் மின்னோட்டம் சற்றுக் குறைந்து, வெப்பமும் சற்றுக் குறையும். எஃகின் கடத்துத் திறனும் சூட்டில் கொஞ்சம் உயரும். இரண்டும் ஒரே பக்கம் இழுப்பதால் பரவளையத்தின் முகடு லேசாகத் தட்டையாகும். ஓரிரு டிகிரித் துல்லியம் வேண்டுவோர் இதைச் சேர்த்துக் கணக்கிட வேண்டும். மாறுமின்னோட்டத்தில் இன்னொன்று உண்டு: அது மேற்பரப்பை நோக்கி ஒதுங்கும். 50 ஹெர்ட்ஸில் செம்பில் அந்த ஒதுக்கத்தின் ஆழம் 9 மில்லிமீட்டருக்கு மேல், துருப்பிடிக்காத எஃகில் அதைவிடப் பல மடங்கு. எனவே இங்கே எடுத்த கம்பிகளுக்கு அது பொருட்டல்ல. காந்தத்தில் ஒட்டும் சாதாரண இரும்புக் கம்பியில் அந்த ஆழம் ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு இறங்கிவிடக் கூடும். தடித்த இரும்புக் கம்பியில் வெப்பம் பெரும்பாலும் தோலருகே பிறக்கும், இந்தப் பரவளையம் அங்கே பொருந்தாது.

மிகப் பெரிய எளிமை, கம்பி முடிவில்லாமல் நீண்டது என்று கொண்டது. உண்மைக் கம்பிக்கு இரண்டு முனைகள் உண்டு. அவை தடித்த செம்பு முனையங்களில் திருகப்பட்டிருந்தால் அங்கே வெப்பம் நீளவாக்கிலும் வடியும். அந்த வடிதல் எவ்வளவு தூரம் எட்டும் என்பதை √(kR/2h) என்ற நீளம் சொல்கிறது. அதைப் போல மூன்று நான்கு மடங்கு தள்ளிப் போனால் முனையின் தாக்கம் மறைந்துவிடும். அடுப்பின் நைக்ரோம் கம்பிக்கு அந்த நீளம் சுமார் ஐந்தரை மில்லிமீட்டர். ஆகவே முனையத்திலிருந்து முதல் ஓரிரு சென்டிமீட்டர் மங்கலாக இருந்து, அதன் பிறகு கம்பி சீராகச் சிவக்கிறது. வீட்டுச் செம்புக் கம்பிக்கோ அது 9 சென்டிமீட்டர் அளவுக்கு வரும். இதே நீளம் எதிர்ப்பக்கமும் வேலை செய்யும்: முனையத் திருகு தளர்ந்து இணைப்பில் சூடு ஏறினால், அந்தச் சூடு செம்பு வழியாகப் பத்து இருபது சென்டிமீட்டர் ஊர்ந்து போய் உறையைப் பழுப்பாக்குகிறது. உறை கருகிய இடம் முனையத்தருகே கடுமையாகவும் தள்ளிப் போகப் போக மங்கலாகவும் இருந்தால், கோளாறு இணைப்பில் இருக்கிறது. கம்பி நெடுகிலும் ஒரே அளவில் உறை இளகியிருந்தால், கம்பிக்கு மீறிய மின்னோட்டம் ஓடியிருக்கிறது.

ஃபியூஸ் கம்பி பெரும்பாலும் நீளத்தின் நடுப்பகுதியில் உருகி அறுவதும் இந்த முனைக் குளிர்ச்சியாலேயே. அதன் நீளம் சில சென்டிமீட்டர்தான்; இரு முனைகளும் பித்தளைத் திருகுகளில் இறுகியிருக்கின்றன. ஆகவே முனைகளின் தாக்கம் கம்பி முழுவதையும் எட்டுகிறது. வெப்பநிலைக் கோடு நீளவாக்கிலும் ஒரு மேடாக வளைந்து, நடுவில் உச்சம் அடைகிறது. குறுக்குவாக்கில் ஒரு டிகிரியின் மிகச் சிறு பங்காக இருந்த வேறுபாடு, நீளவாக்கில் பல நூறு டிகிரியாக விரிந்துவிடுகிறது. அளவு குறைந்த ஃபியூஸ் கம்பி திருகை ஒட்டியே அறுந்திருந்தால், அங்கே திருகு தளர்ந்திருக்கிறதா, இறுக்கும்போது கம்பி நசுங்கி மெலிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.